உத்திரத்தின் அடியை ஏன் வெட்டக் கூடாது?

நாலுக்கு எட்டு அங்குல உத்திரம் ஒன்றின் முனையில், சுவரில் உட்காரும் இடத்தில், இரண்டு அங்குல ஆழத்துக்கு மரத்தை வெட்டி எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மேற்புறத்தில் வெட்டினால் அந்த முனையின் வலிமையில் முக்கால் பங்கு மிஞ்சுகிறது. அடிப்புறத்தில் வெட்டினால் பாதிகூட மிஞ்சுவதில்லை. எடுத்த மரத்தின் அளவு ஒன்றுதான், ரம்பமும் உளியும் அதேதான். வெட்டு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பதில் இவ்வளவு வித்தியாசம் வருகிறது.

நடைமுறையில் ஆசாரிகள் அதிகம் வெட்டுவது அடிப்புறத்தைத்தான். அதற்கு நியாயமான காரணமும் உண்டு. அறுத்து வந்த உத்திரங்கள் எல்லாம் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. ஒன்று எட்டு அங்குலம் இருந்தால் இன்னொன்று எட்டரை இருக்கும். மேலே பலகையோ, மெட்ராஸ் டெரஸ் மாடியாக இருந்தால் செங்கலோ சமமாக உட்கார வேண்டும் என்பதால், உயரம் கூடிய உத்திரத்தின் முனையை அடியில் செதுக்கிச் சுவரில் இறக்கிவிடுகிறார்கள். கூரையில் கைமரம் சுவர்மேல் நழுவாமல் உட்கார அடியில் வெட்டு வைப்பதும் இப்படித்தான். பிறகு சில வருஷம் கழித்து மின்வேலைக்காரரும் ஏசி குழாய் போடுபவரும் வந்து அவர்கள் பங்குக்கு நடுவில் எங்காவது ஒரு பள்ளம் எடுக்கிறார்கள்.

இது ஏன் ஆபத்து என்று புரிந்துகொள்ள மரத்துக்குள் போக வேண்டும். மரம் என்பது நீளமான, உள்ளே வெற்றிடம் கொண்ட நார்ச் செல்களின் தொகுப்பு. தேக்கு போன்ற மரங்களில் ஒரு நார் சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளம் இருக்கும். பைன் வகைகளில் மூன்று, நான்கு மில்லிமீட்டர்கூட வரும். தடிமன் அதில் நூறில் ஒரு பங்குதான். பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட நார்கள் அடிமரம் நின்ற திசையிலேயே, மேலும் கீழுமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. நாரின் சுவருக்குள் செல்லுலோஸ் இழைகளும் பெரும்பாலும் அதே திசையில்தான் ஓடுகின்றன. ஒரு நாரையும் பக்கத்து நாரையும் சேர்த்துப் பிடித்திருப்பது லிக்னின் என்ற பசை.

ஆகவே மரத்தை நீளவாக்கில் இழுத்தால் செல்லுலோஸ் இழைகளை அறுத்தாக வேண்டும். குறுக்கே இழுத்தால் பசையைப் பிரித்தால் போதும். அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் இப்போது நம் ஊருக்கும் வருகிற டக்ளஸ் ஃபிர் மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணு, வெடிப்பு எதுவும் இல்லாத சிறு துண்டை நீளவாக்கில் இழுத்து அறுக்க, சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல் தேவைப்படுகிறது. அதே மரத்தைக் குறுக்கே இழுத்துப் பிரிக்க 23 கிலோ போதும். நாற்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். அமுக்கும்போது இடைவெளி குறைவு: நீளவாக்கில் சுமார் 500 கிலோ, குறுக்கே சுமார் 55. மற்ற மரங்களில் எண்கள் மாறும், விகிதம் இந்தப் பக்கமாகத்தான் இருக்கும். விறகு பிளப்பவர் கட்டையைச் செங்குத்தாக நிறுத்தித் தலையில் கோடாலியைப் போடுவதும், குறுக்கே துண்டாக்க ரம்பத்தை எடுப்பதும் இதனால்தான்.

உத்திரத்தை நீளமாக அறுத்து வாங்கும்போது நார் ஓட்டமும் நீளவாக்கில்தான் இருக்கும் என்று நாம் நம்பிக்கொள்கிறோம். அது எப்போதும் உண்மை இல்லை. கோணல் மரத்தை நேராக அறுத்தால் நார் சாய்ந்து வெளியே ஓடும். நார் முறுக்கிக்கொண்டு வளர்ந்த மரத்திலும் அப்படியே. சாய்வு எவ்வளவு வலிமையைத் தின்னும் என்பதற்கு 1921-ல் ஹேங்கின்சன் என்ற பொறியாளர் ஒரு சூத்திரம் தந்தார். அப்போது விமானங்களே மரத்தால்தான் செய்யப்பட்டன. அமெரிக்க ராணுவத்தின் விமானப் பிரிவுக்காக ஸ்ப்ரூஸ் மரத்தைச் சோதித்ததில் வந்தது அது. இன்றும் மர வடிவமைப்பில் அதைப் பயன்படுத்துகிறார்கள். மேலே சொன்ன டக்ளஸ் ஃபிர் எண்களை அதில் போட்டுப் பார்த்தால், விசைக்கும் நாருக்கும் 10 டிகிரி சாய்வு இருக்கும்போது அமுக்க வலிமையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. 20 டிகிரியில் ஏறக்குறைய பாதி போகிறது. 45 டிகிரியில் மிஞ்சுவதே ஐந்தில் ஒரு பங்குதான். வளையும் உத்திரத்தில் அடி இழுபடுவதால் நிலைமை இன்னும் மோசம். பத்து அங்குல நீளத்துக்கு ஓர் அங்குலம் நார் சாய்ந்தாலே, கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத அந்தச் சாய்வுக்கே, ஐந்தில் ஒரு பங்கு வலிமை குறைந்துவிடும்.

மரக்கடையில் இதைப் பார்க்க ஒரு வழி உண்டு. பரப்பில் தெரியும் அழகான ரேகைகளை நம்பக் கூடாது. அவை வளர்ச்சி வளையங்கள் அறுபட்ட கோடுகள், நாரின் திசையை அவை காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. காய்ந்ததால் விழுந்த மயிரிழை வெடிப்புகளைப் பாருங்கள். அவை நாரை ஒட்டியே ஓடும். வெடிப்பு இல்லாவிட்டால் ஒரு சொட்டு மை வைத்தால் அது நார் வழியே நீண்டு பரவும்.

இனி உத்திரத்துக்கு வருவோம். இரண்டு சுவர்களின்மேல் உட்கார்ந்து பாரம் தாங்கும் உத்திரத்தின் அடி நார்கள் இழுபடுகின்றன, மேல் நார்கள் அமுங்குகின்றன. நடு உயரத்தில் உள்ள நார்கள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கப் பார்க்கின்றன. இந்தச் சறுக்கல் சுவரை ஒட்டிய முனைகளில் அதிகம். மூன்றுமே நாரின் திசையில் நடப்பவை. நாரை நாரிலிருந்து குறுக்கே பிரிக்கும் விசை, வெட்டுப்படாத உத்திரத்தில் கிட்டத்தட்ட இல்லை. மரம் குறுக்கே பலவீனமானது என்றாலும் உத்திரமாக நன்றாக உழைப்பதற்கு இதுவே காரணம். அதன் பலவீனத்தை யாரும் அங்கே சோதிப்பதில்லை.

அடி வெட்டு அந்தச் சோதனையைக் கொண்டுவந்துவிடுகிறது. முனையில் இரண்டு அங்குலம் செதுக்கி உட்கார வைத்த உத்திரத்தைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். சுவர் தாங்குவது வெட்டுக்கு மேலே உள்ள ஆறு அங்குல மரத்தை மட்டுமே. வெட்டு முடிகிற உள்மூலையைத் தாண்டியதும் உத்திரம் மறுபடி எட்டு அங்குலம் ஆகிறது. அந்தக் கீழ் இரண்டு அங்குலம் சுவரில் உட்காரவில்லை, மேல் மரத்தைப் பிடித்துத் தொங்குகிறது. அறையின் பாரம் அதையும் சேர்த்துக் கீழே வளைக்கிறது, சுவரோ மேல் ஆறு அங்குலத்தை மேலே நிறுத்துகிறது. நடுவில் அகப்பட்டது உள்மூலை. அங்கே மேல் நாரும் கீழ் நாரும் குறுக்கே பிரிக்கப்படுகின்றன. ஆயிரம் கிலோ தாங்கும் திசையை விட்டுவிட்டு 23 கிலோ தாங்கும் திசையில் பாரத்தைத் திருப்பிவிட்டோம்.

அதோடு முடியவில்லை. உள்மூலை கூர்மையாக இருப்பதால் விசை முழுவதும் அந்த ஒரு கோட்டில் வந்து குவிகிறது. ஜவுளிக்கடையில் துணியின் ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு நறுக்கு வைத்துவிட்டு இரண்டு கையாலும் சர்ரென்று கிழிப்பார்களே, மரத்திலும் அதுதான் நடக்கிறது. பிளவு மூலையில் தொடங்கி நார் ஓட்டத்தோடு கிடையாக அறையின் நடுப்பக்கம் ஓடும். நாரைக் குறுக்கே அறுக்க வேண்டிய அவசியமே அதற்கு இல்லை, பசையை மட்டும் பிரித்துக்கொண்டு போனால் போதும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். உத்திரம் 100 மில்லிமீட்டர் அகலம், 200 மில்லிமீட்டர் உயரம், அதாவது நம் நாலுக்கு எட்டு. அடியில் 50 மில்லிமீட்டர் வெட்டு. சுவர் தாங்கும் இடத்தின் மையத்திலிருந்து உள்மூலை 50 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. வெட்டாத முனை 100 பங்கு பாரம் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். நாலில் ஒரு பங்கு மரம் போனதால் 75 மிஞ்ச வேண்டும் என்பது பொதுவான எண்ணம். ஐரோப்பிய மரக் கட்டுமான விதி யூரோகோட் 5 தருகிற சூத்திரப்படி மிஞ்சுவது 44 பங்கு. அமெரிக்க விதியின் வழி வேறு, விடை 42. பாதி உயரத்துக்கு, அதாவது 100 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வெட்டினால் ஐரோப்பியக் கணக்கில் 23 பங்குதான் மிஞ்சும், அமெரிக்கக் கணக்கில் அதுவும் இல்லை. வெட்டின் நீளத்துக்கும் விலை உண்டு. அதே 50 மில்லிமீட்டர் வெட்டைச் சுவரைத் தாண்டி இன்னும் ஐந்து சென்டிமீட்டர் உள்ளே நீட்டிவிட்டால் 44 என்பது 34 ஆகிறது.

இதே வெட்டை முனையின் மேற்புறத்தில் வைத்தால்? சுவர் இப்போது உத்திரத்தின் அடியையே தாங்குகிறது. மூலையில் உள்ள நார்கள் பிரிவதற்குப் பதில் ஒன்றோடொன்று அமுங்குகின்றன. திறக்க முடியாத பிளவு ஓடாது. போனது மரத்தின் அளவு மட்டும்தான், ஆகவே 75 பங்கு மிஞ்சுகிறது. தொடக்கத்தில் சொன்ன வித்தியாசம் இங்கிருந்துதான் வருகிறது.

யூரோகோட் சூத்திரத்துக்கு அடிப்படை, ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்டாஃப்ஸன் 1988-ல் முன்வைத்த ஆய்வு. மூலையில் விசை எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. கூர்மையான மூலையில் அந்தக் கேள்விக்கு விடையே கிடைக்காது, கணக்கில் விசை முடிவில்லாமல் ஏறிக்கொண்டே போகும். பிளவு இன்னும் கொஞ்சம் நீண்டால் உத்திரத்திலிருந்து எவ்வளவு ஆற்றல் விடுபடும், பிளவைத் திறக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று ஒப்பிட்டார். விடுபடுவது அதிகமானால் பிளவு தானாக ஓடும்.

இந்த வழியில் பார்க்கும்போது எதிர்பாராத ஒரு முடிவு வருகிறது. பெரிய உத்திரத்துக்கு வெட்டு அதிக ஆபத்து. 400 மில்லிமீட்டர் உயர உத்திரத்தில், எல்லா அளவையும் அதே விகிதத்தில் இரட்டித்து, கால் பங்கு வெட்டு வைத்தால் மிஞ்சுவது 44 இல்லை, 31. “கனமான மரம், கொஞ்சம் வெட்டினால் ஒன்றும் ஆகாது” என்று சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். உண்மை தலைகீழ். கனமான மரத்தில்தான் பிளவை ஓட வைக்கும் ஆற்றல் அதிகம் சேர்ந்திருக்கிறது.

அப்படியானால் இத்தனை பழைய வீடுகளில் அடி வெட்டு வைத்த உத்திரங்கள் நின்றுகொண்டுதானே இருக்கின்றன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வீட்டு உத்திரங்கள் பெரும்பாலும் நீளமானவை, பாரம் குறைந்தவை. தொய்யக் கூடாது என்பதற்காகவே அவற்றின் உயரத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள். அதனால் சுவரை ஒட்டிய முனையில் வலிமை தேவைக்கு மேல் கிடக்கும். வெட்டு அந்த உபரியைத் தின்றுகொண்டிருக்கிறது. குட்டையான, பாரம் அதிகமுள்ள உத்திரத்தில் அந்த உபரி இருக்காது. வாசலுக்கு மேலே சுவரைத் தாங்கும் கட்டை, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் உள்ள தூலம் போன்றவை இந்த ரகம். பழைய மாடியில் புதிதாகத் தொட்டி வைக்கும்போதும், தளத்தின்மேல் தளம் போடும்போதும் பழைய வெட்டுகள் வேலையைக் காட்டுகின்றன.

நாளும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. சில நிமிடங்களில் முடியும் சோதனையில் மரம் காட்டும் வலிமை, அதே பாரம் பத்து வருஷம் தொடர்ந்து இருக்கும்போது ஏறக்குறைய அறுபது சதவீதமாகக் குறைகிறது. வெட்டிய முகத்தில் நார்களின் வாய் திறந்திருப்பதால் அந்த இடம் மற்ற இடங்களைவிட வேகமாகக் காயும். மரம் காயும்போது நீளவாக்கில் சுருங்குவதே இல்லை எனலாம். குறுக்கே பச்சைத் தேக்குகூட முழுதாகக் காயும்போது இரண்டரை முதல் ஆறு சதவீதம்வரை சுருங்கும். மூலையில் மட்டும் சுருக்கம் முந்திக்கொள்ளும்போது, பாரமே இல்லாமல் பிளவு தொடங்கிவிடலாம்.

கவலைப்பட வேண்டிய விஷயம், இது முன்கூட்டி எச்சரிக்காது என்பது. உத்திரம் தொய்வது அதன் முழு நீளத்தின் விறைப்பைப் பொறுத்தது. முனையில் உள்ள குட்டை வெட்டு தொய்வை ஏறக்குறைய மாற்றுவதே இல்லை. கீழே நின்று பார்த்து “நேராகத்தான் இருக்கிறது” என்று திருப்தி அடைவதில் பயன் இல்லை. ஏணி வைத்து ஏறி, டார்ச் அடித்து உள்மூலையைப் பார்க்க வேண்டும். காய்ந்ததால் வரும் வெடிப்பு உத்திரத்தின் முகத்தில் எங்கோ தொடங்கி எங்கோ முடியும், வெட்டோடு அதற்குச் சம்பந்தம் இருக்காது. வெட்டால் வந்த பிளவு சரியாக உள்மூலையில் தொடங்கி, இரண்டு பக்க முகங்களிலும் ஒரே உயரத்தில், அறையின் நடுவை நோக்கி ஓடும். விசிட்டிங் கார்டு ஒன்றைச் செருகினால் மரத்தின் பாதி அகலத்துக்கு மேல் உள்ளே போகிறதா என்று பாருங்கள். பிளவின் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தால், அடுத்த மாதம் அது நகர்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். நகர்ந்திருந்தால் உத்திரத்துக்கு அடியில் உடனே ஒரு முட்டுக் கொடுத்துவிட்டுப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.

வெட்டியே ஆக வேண்டும் என்றால் எப்படி வெட்டுவது? மூலையைச் செங்குத்தாக நிறுத்தாமல் சாய்வாக இறக்க வேண்டும். ஐம்பது மில்லிமீட்டர் ஆழத்துக்கு இருநூறு மில்லிமீட்டர் நீளத்தில் சரிவு கொடுத்தால், முன்பு 44 ஆக இருந்த முனை 70 பங்கைத் தாண்டுகிறது. கூடுதலாக மரத்தை எடுத்து வலிமையைக் கூட்டுகிறோம். மர வேலையில் இப்படி நடப்பது அபூர்வம்.

குழாய்க்கும் ஒயருக்கும் வழி வேண்டுமென்றால், உத்திரத்தின் நடுநீளத்தில் அடிப்புறத்தை மட்டும் தொடவே கூடாது. அதிகமாக இழுபடும் நார்களை அறுத்துவிடுகிறோம். நாலுக்கு எட்டில் அங்கே இரண்டு அங்குலம் வெட்டினால் வளைவைத் தாங்கும் வலிமையில் 44 சதவீதம் கணக்கிலேயே போய்விடும், மூலைகளில் தொடங்கும் பிளவு அதற்கு மேல். நடு உயரத்தில் துளை போடுவது சரியான வழி, ஏனென்றால் அங்கே நார்கள் இழுபடுவதும் இல்லை, அமுங்குவதும் இல்லை. வட்டத் துளைக்கு மூலையும் கிடையாது. சறுக்கு விசை மட்டும் அங்கே உண்டு, அதனால்தான் துளையைச் சுவரிலிருந்து தள்ளிப் போட வேண்டும். பிரிட்டனில் வீட்டுத் தளச் சட்டங்களுக்குப் பின்பற்றும் அளவுகள் நினைவில் வைக்க எளிது. துளையின் விட்டம் உத்திரத்தின் உயரத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. சுவரிலிருந்து மொத்த நீளத்தில் கால் பங்குக்கும் ஐந்தில் இரண்டு பங்குக்கும் இடையில் அது இருக்க வேண்டும். பன்னிரண்டடி நீள, எட்டு அங்குல உயர உத்திரத்தில் இரண்டு அங்குலத் துளையைச் சுவரிலிருந்து மூன்றடிக்கும் நாலே முக்கால் அடிக்கும் இடையில் போடலாம். மேற்புறப் பள்ளம்தான் வேண்டும் என்றால் ஆழம் ஓர் அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டு, சுவரிலிருந்து பத்து அங்குலத்துக்கும் மூன்றடிக்கும் இடையில் வைக்க வேண்டும்.

ஏற்கெனவே வெட்டுப்பட்ட உத்திரத்துக்கு என்ன செய்வது? வெட்டில் ஒரு மரத்துண்டைப் பசை தடவி அடைப்பதையும், பிளவில் மரத்தூளும் பெவிகாலும் கலந்து பூசுவதையும் பல வீடுகளில் பார்க்கலாம். இரண்டாவது வேலையால் பிளவு மறையுமே தவிர நிற்காது, கண்காணிக்கவும் வழி இல்லாமல் போகும். நாரும் நாரும் பிரியும் திசை செங்குத்து, ஆகவே பிடிப்பும் செங்குத்தாக இருக்க வேண்டும். உள்மூலையை ஒட்டி அடியிலிருந்து மேலே பிளவைக் கடந்து போகும்படி, முழு நீளமும் மரை உள்ள ஸ்க்ரூக்களையோ போல்ட்டையோ முடுக்குவது ஒரு முறை. அவற்றின் அளவையும் எண்ணிக்கையையும் பொறியாளர் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். அதைவிட எளிதான, மலிவான வழி, வெட்டைத் தாண்டி உத்திரம் முழு எட்டு அங்குலமாக இருக்கும் இடத்துக்கு அடியில், சுவரில் பிடித்த இரும்பு பிராக்கெட்டையோ ஒரு தூணையோ இறுக்கமாகக் கொடுத்துவிடுவது. பாரம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டால் உள்மூலைக்கு வேலையே இல்லை.